சான்றிதழா, டிக்கெட் கணக்கா, கையாண்ட கருவிகளா? நெட்வொர்க் வேலைக்கான ரெஸ்யூமில் எதை மேலே வைப்பது

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாட்ஸப்பில் மூன்று கோப்புகள் வந்தன. அனுப்பியவர் எங்கள் ஊர்த் தம்பி. கோவையில் ஒரு நூற்பாலைக் குழுமத்தின் ஐடி பிரிவில் நான்கு வருஷமாக இருக்கிறார். ஹெல்ப்டெஸ்க்கில் சேர்ந்து, மெல்ல மெல்ல நெட்வொர்க் பக்கம் வந்தவர். இப்போது சென்னையிலோ பெங்களூரிலோ முழுநேர நெட்வொர்க் இன்ஜினியர் வேலை தேடுகிறார். "அண்ணா, மூணுமே என்னோட ரெஸ்யூம்தானுங்க. எதை அனுப்பட்டும்?" என்று கேட்டிருந்தார்.

திறந்து பார்த்தேன். ஒரே மனிதர், ஒரே அனுபவம், வரிசைதான் வேறு. முதலாவதில் சான்றிதழ்கள் மேலே இருந்தன. இரண்டாவதில் எண்கள்: பத்தாயிரத்துக்கு மேல் டிக்கெட், 99.99 சதவீத அப்டைம். மூன்றாவதில் அவர் கையாண்ட ரவுட்டர், ஃபயர்வால், சர்வர்களின் பட்டியல். நெட்வொர்க் குழுவுக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்களில் நான் அடிக்கடி உட்காருகிறேன். அந்த மேசைக்கு மறுபக்கம் இருந்து மூன்றையும் படித்தபோது தோன்றியதைச் சொல்கிறேன்.

அதற்கு முன், ஒரு ரெஸ்யூமை யார் யார் பார்க்கிறார்கள் என்பதை மனதில் வைக்க வேண்டும். வேலைவாய்ப்புத் தளத்தில் சொல்லைப் போட்டுத் தேடும் ரெக்ரூட்டர் முதல் ஆள். அவருக்கு 'சிசிஎன்ஏ', 'ஃபோர்ட்டிகேட்' என்ற சொற்கள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அடுத்தவர் ஹெச்ஆர், வருஷக் கணக்கு, ஊர், நோட்டீஸ் பீரியட் பார்ப்பார். கடைசியாக வருவது என்னைப் போன்ற தொழில்நுட்ப ஆள். முதல் இருவரையும் தாண்டச் சொற்கள் இருந்தால் போதும். மூன்றாவது ஆளிடம் ஒவ்வொரு வரியும் ஒரு கேள்வியாகத் திரும்பி வரும்.

சரி, முதல் ரெஸ்யூம். மேலே ஐந்து சான்றிதழ்கள், லோகோக்களோடு. சிசிஎன்ஏ, எம்சிஎஸ்ஏ, அஷ்யூர் ஃபண்டமென்டல்ஸ், ஐடிஐஎல் ஃபவுண்டேஷன், அப்புறம் ஒரு பயிற்சி மையத்தின் 'சிசிஎன்பி ட்ரெயிண்ட்'. இதில் எனக்கு முதலில் உறுத்தியது தேதி இல்லாததுதான். சிசிஎன்ஏ மூன்று வருஷம்தான் செல்லும்; அதற்குள் மறுபடி பரீட்சை எழுத வேண்டும், அல்லது சிஸ்கோவின் தொடர்கல்வி மூலம் 30 கிரெடிட் சேர்க்க வேண்டும். 2022 மார்ச்சில் தேறிச் சும்மா இருந்தவருக்கு 2025 மார்ச்சில் அது காலாவதி. தேதி போடாத சான்றிதழைப் பார்த்தால், முடிந்துபோயிருக்கும் என்றுதான் பேனலில் உட்கார்ந்திருப்பவர் முதலில் நினைப்பார். நம் தம்பியுடையது 2023 அக்டோபரில் வாங்கியது, ஒழுங்கானது. தேதி போடாததால் அவரே சந்தேகத்தை விலைக்கு வாங்கிக்கொண்டார்.

எம்சிஎஸ்ஏ இன்னொரு கதை. அந்தச் சான்றிதழ்களை மைக்ரோசாஃப்ட் 2021 ஜனவரி 31-உடன் நிறுத்திவிட்டது. அதற்கு முன் வாங்கியவர் ரெஸ்யூமில் வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் இவர் வேலைக்கே அதற்கப்புறம்தான் வந்தார். கேட்டால், "பயிற்சி மையத்துல அந்தப் பேர்லதான் சர்டிபிகேட் குடுத்தாங்கண்ணா" என்கிறார். அது மையம் கொடுத்த தாள். மைக்ரோசாஃப்ட் கொடுத்தது இல்லை. இந்த ஒரு வரியே மீதி நான்கையும் சந்தேகப்பட வைக்கும். 'சிசிஎன்பி ட்ரெயிண்ட்' என்பதும் அப்படித்தான். பரீட்சை எழுதவில்லை என்பதைச் சுற்றி வளைத்துச் சொல்லும் சொல் அது என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்படியானால் சான்றிதழை மேலே வைக்கும் ரெஸ்யூமே வேண்டாமா? சில இடங்களில் அதுதான் சரி. சிஸ்கோ, ஃபோர்ட்டிநெட் பொருட்களை விற்று நிறுவித் தரும் பார்ட்னர் நிறுவனங்களுக்குத் தங்கள் பார்ட்னர் தகுதியைக் காப்பாற்றவே சான்றிதழ் பெற்ற ஆட்கள் வேண்டும். அங்கே உங்கள் சிசிஎன்பி அவர்கள் கணக்கில் ஒரு தலை. படித்து முடித்து முதல் வேலை தேடுகிறவருக்கும் வேறு காட்ட ஒன்றுமில்லை. நான்கு வருஷம் வேலை பார்த்தவர் மற்ற இடங்களுக்கு இதை அனுப்பினால், இத்தனை வருஷமும் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவர் போலத் தெரிகிறார்.

இரண்டாவது ரெஸ்யூம்தான் அவருக்கு ரொம்பப் பிடித்தது. இன்டர்நெட்டில் எங்கே பார்த்தாலும் 'எண்களோடு எழுது' என்றுதானே சொல்கிறார்கள். எழுதலாம். அந்த எண் எதை எண்ணியது என்பதையும் கூடவே எழுத வேண்டும்.

'பத்தாயிரத்துக்கு மேல் டிக்கெட்களைத் தீர்த்தவர்' என்ற வரியை எடுத்துக்கொள்வோம். மாதம் 22 வேலை நாள் என்றால் வருஷத்துக்கு 264 நாள், நான்கு வருஷத்தில் 1,056 நாள். பத்தாயிரத்தை அதால் வகுத்தால் நாளுக்கு ஒன்பது, பத்து டிக்கெட் வரும். ஹெல்ப்டெஸ்க்கில் இது சாதாரண அளவு. பொய்யில்லை, ஆனால் இதில் நெட்வொர்க் வேலை எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. டிக்கெட் கருவியிலிருந்து கடைசி பன்னிரண்டு மாத அறிக்கையை எக்செல்லில் இறக்கி, எண்ணிக்கையை மட்டும் எனக்கு அனுப்பச் சொன்னேன். அவர் மூடிய டிக்கெட்கள் 2,640. வகை பிரித்ததில், பாஸ்வேர்ட் மற்றும் கணக்குத் திறப்பு 1,150. பிரிண்டர், லேப்டாப் தொல்லைகள் 620. கண்காணிப்புக் கருவி தானாகத் திறந்து, லைன் திரும்பி வந்ததும் இவர் 'க்ளோஸ்' மட்டும் அமுக்கியவை 480. மீதி 390தான் உண்மையான நெட்வொர்க் கோளாறுகள்.

தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கோ அந்த 390தான் மேலே வைக்க வேண்டிய எண்ணாகத் தெரிந்தது. மாதத்துக்கு முப்பத்திரண்டு கோளாறு. அதில் 47ஐத்தான் மேலே எஸ்கலேட் செய்திருக்கிறார்; மீதி 343ஐ, அதாவது நூற்றுக்கு 88ஐ, தானே முடித்திருக்கிறார். எல்2 வேலைக்கு ஆள் தேடுகிறவருக்கு வேண்டியது இதுதான். பத்தாயிரம் என்ற எண்ணைப் பார்த்தால் 'பாஸ்வேர்ட் மாற்றிக்கொண்டே இருந்தவர்' என்று தோன்றும். மாதம் முப்பத்திரண்டு என்று எழுதினால், என்ன மாதிரிக் கோளாறுகள் என்று கேட்கத் தோன்றும்.

தீர்க்க ஆன நேரத்திலும் இதே சிக்கல். அவர் ரெஸ்யூமில் சராசரி நேரத்தை எழுதவே இல்லை. ஏன் என்றால் கருவி காட்டியது 14 மணி நேரம். பார்க்க அசிங்கமாக இருந்ததாம். ரோடு போடத் தோண்டியதில் ஃபைபர் அறுந்து, இணைய நிறுவனத்துக்காக மூன்று நாள் காத்திருந்த டிக்கெட்டும் அதே சராசரியில்தான் சேரும். இப்படிப் பத்து டிக்கெட் இருந்தாலே சராசரி ஏறிவிடும். நடு எண்ணை எடுக்கச் சொன்னேன். நெட்வொர்க் டிக்கெட்களை மட்டும் வடிகட்டித் தனித் தாளில் வைத்து, ஒரு வரி:

```
=MEDIAN(H2:H391)
```

ஒரு மணி பத்து நிமிஷம் என்று வந்தது. பாதி டிக்கெட்கள் அதற்குள் முடிந்திருக்கின்றன. 'நடு அளவு' என்று சொல்லியே அதை எழுதலாம். சராசரி என்று மட்டும் எழுதிவிடக் கூடாது, இரண்டும் வேறு.

அடுத்தது 99.99. இந்த எண் இல்லாத ரெஸ்யூமை நான் பார்ப்பதே அபூர்வம். எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். கண்காணிப்புத் திரையில் கோர் ஸ்விட்சுக்கு நேராகக் கடைசி முப்பது நாளுக்கு அப்படிக் காட்டியதாம். முப்பது நாளில் 99.99 சதவீதம் என்றால் மொத்தமாகவே நான்கு நிமிஷம் இருபது விநாடிதான் நின்றிருக்கலாம். அவர்களுடைய கருவி ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் பிங் செய்கிறது. நான்கு நிமிஷம் நின்று எழுந்த ஸ்விட்ச் அதன் கண்ணிலேயே படாமல் போகலாம். அளக்கும் கோலைவிடச் சின்ன அளவைச் சொல்கிறோம் என்பது தெரிந்த ஆள் நேர்காணலில் இருந்தால், அடுத்த கேள்வி அங்கேயே விழும்.

அதோடு, கோர் ஸ்விட்ச் ஓடியது என்பதில் இவர் பங்கு என்ன? யூபிஎஸ் இருந்தது, ஓடியது. இவர் உண்மையில் உழைத்த இடம் வேறு. அந்தக் குழுமத்துக்கு ஆலை, கிடங்கு, அலுவலகம் என்று 11 இடங்கள். முன்பு ஒவ்வொன்றுக்கும் ஒரே இணைய லைன். இவர் வந்தபின் எல்லா இடத்திலும் இரண்டாவது லைன் போட்டு, ஒன்று போனால் மற்றது தானாக எடுக்கும்படி செய்திருக்கிறார். அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

வருஷத்துக்கு 8,760 மணி நேரம், 11 இடத்துக்கு 96,360 மணி நேரம். முதன்மை லைன்கள் எல்லாம் சேர்ந்து நின்ற நேரம் 212 மணி. ஆக லைனின் அப்டைம் 99.78 சதவீதம். ஆனால் இரண்டு லைனும் ஒன்றாகப் போய், உள்ளே இருப்பவர்கள் நிஜமாகவே வேலை செய்ய முடியாமல் இருந்தது 19 மணி. அதன்படி இடத்தின் அப்டைம் 99.98. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருப்பதுதான் அவர் செய்த வேலை. 99.99 என்றால் 11 இடமும் சேர்ந்து ஒன்பதரை மணிக்கு மேல் நின்றிருக்கக் கூடாது. அதன் இரு மடங்கு நின்றிருக்கிறது. அதனால் என்ன? '11 இடங்கள், இரட்டை லைன். லைன் அளவில் 99.78, இட அளவில் 99.98, பன்னிரண்டு மாதம், திட்டமிட்ட பராமரிப்பு நீங்கலாக' என்று எழுதினால், படிப்பவர் பேனாவை எடுத்து அடிக்கோடு போடுவார். 99.99 என்று மொட்டையாக எழுதினால் கண் அதைத் தாண்டிப் போகும்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கெல்லாம் போடுவதற்காக நிறுவனத்தின் அறிக்கையைச் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்ள வேண்டாம். எண்ணை மட்டும் குறித்துக்கொண்டால் போதும்.

மூன்றாவது ரெஸ்யூம், கருவிகளை மேலே வைத்தது. அடிப்படையில் இதுதான் எனக்குப் பிடித்தது, ஆனால் அவர் எழுதியிருந்த விதத்தில் இல்லை. நாற்பது பெயர்கள் காற்புள்ளி போட்டு வரிசையாக நின்றன. சிஸ்கோ, அருபா, ஃபோர்ட்டிகேட், விண்டோஸ் சர்வர், ஆக்டிவ் டைரக்டரி, விஎம்வேர், வீம், பிஜிபி, எம்பிஎல்எஸ்... பிஜிபி எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டேன். "இணைய நிறுவனத்துக்காரங்க கட்டமைச்சப்ப பக்கத்துல நின்னேனுங்க." விஎம்வேர்? பார்க்கும் உரிமை மட்டும் இருக்கிறதாம்.

நாற்பதையும் மூன்றாகப் பிரிக்கச் சொன்னேன்: நானே அமைத்தது, அன்றாடம் கவனிப்பது, பார்த்துத் தெரிந்தது. மூன்றாவது கூடையில் விழுந்ததையெல்லாம் எடுத்துவிட்டோம். மிஞ்சியது பதினொன்று. ஆனால் இப்போது ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் அளவு வந்தது: 11 இடங்களில் சிஸ்கோ ரவுட்டர், தலைமையகத்தில் ஜோடியாக ஓடும் இரண்டு ஃபோர்ட்டிகேட், 64 அக்சஸ் ஸ்விட்ச், 900 பேருக்கான ஆக்டிவ் டைரக்டரி என்று. 'ஸ்விட்ச்களைக் கையாண்டவர்' என்பதில் ஆறும் அடங்கும், அறுநூறும் அடங்கும். எண்ணிக்கை போட்டால்தான் எந்த அளவு வலையில் நடமாடியவர் என்று புரிகிறது. மாடல் வரிசை வரை எழுதலாம். ஃபயர்வாலின் ஃபர்ம்வேர் பதிப்பு, உள் ஐபி முகவரி, ஹோஸ்ட் நேம் எல்லாம் கூடாது. பொதுத் தளத்தில் ஏற்றும் காகிதம் அது. எந்த நிறுவனத்தில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று வெளியாருக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இந்த வகை ரெஸ்யூமின் ஆபத்து என்னவென்றால், கேள்வி உடனே ஆழத்துக்குப் போய்விடும். 'லைன் மாற்றம் தானாக நடக்கும்படி அமைத்தேன்' என்று எழுதினால், எப்படி என்று பலகையில் எழுதச் சொல்வேன். தம்பியிடம் போனிலேயே கேட்டேன். மெசேஜில் அடித்து அனுப்பினார்:

```
ip sla 10
 icmp-echo 8.8.8.8
 frequency 5
ip sla schedule 10 life forever start-time now
track 10 ip sla 10 reachability
ip route 0.0.0.0 0.0.0.0 203.0.113.1 track 10
ip route 0.0.0.0 0.0.0.0 198.51.100.1 200
```

ஐபி முகவரிகளை மாற்றித்தான் அனுப்பியிருந்தார், அதற்கே ஒரு மதிப்பெண். முதல் லைன் வழியாக 8.8.8.8 பதில் சொல்லவில்லை என்றால் அந்த வழி நீங்கி, 200 என்று எடை போட்ட இரண்டாவது வழி வரும். பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. "முதல் நிறுவனத்தின் லைன் மேலே எங்கேயோ அறுந்திருக்கு, ஆனா உங்க ரவுட்டர் போர்ட்ல லைட் எரிஞ்சுட்டுத்தான் இருக்கு. வழி இரண்டாவதுக்கு மாறினப்புறம் அந்த 8.8.8.8 பிங் எந்த வழியா போகும்?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "இரண்டாவது வழியாத்தானுங்க போகும்... அங்க பதில் வந்துடும்... அப்ப ட்ராக் மறுபடி மேல வந்துடுமே," என்றார். ஆமாம். மேலே வந்ததும் செத்த லைனுக்கே வழி திரும்பும், பிங் தோற்கும், மறுபடி மாறும். ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். அந்தப் பிங் மட்டும் எப்போதும் முதல் லைன் வழியாகவே போக ஒரு தனி வழி வேண்டும்:

```
ip route 8.8.8.8 255.255.255.255 203.0.113.1
```

இதை நேர்காணலில் தானாகச் சொல்கிறவர் இந்த வேலையைக் கையால் செய்து அடிபட்டவர் என்று எடுத்துக்கொள்வேன். சொல்லாவிட்டாலும், கேட்டதும் இவரைப் போல யோசித்துப் பிடித்தால் போதும். சிசிஎன்ஏ லோகோவைப் பார்த்து இதைத் தெரிந்துகொள்ள முடியாது. கருவிகளை மேலே வைத்த ரெஸ்யூம்தான் இந்தப் பேச்சுக்கு இழுத்துக்கொண்டு வரும். தயாராக இல்லாதவரை அதுவே கவிழ்க்கவும் செய்யும்.

எது என்று முடிவு செய்யும்போது, அனுப்பும் இடத்தைத்தான் பார்த்தோம். பார்ட்னர் நிறுவனம் என்றால் முதலாவது. எம்சிஎஸ்ஏ, 'ட்ரெயிண்ட்' இரண்டையும் தூக்கிவிட்டு, மிச்சத்துக்குத் தேதியும் சரிபார்க்கும் இணைப்பும் போட்டு. சர்வீஸ் டெஸ்க் டீம் லீட் வேலை என்றால் இரண்டாவது. அங்கே 2,640 என்ற மொத்த எண்ணுக்கே மதிப்பு உண்டு, வகை பிரித்ததும் சேர்த்து. அவர் கேட்கும் நெட்வொர்க் இன்ஜினியர் வேலைக்கு மூன்றாவதுதான். மேலே பதினொரு கருவிகள் அளவோடு, அதற்குக் கீழே இரட்டை லைன் வேலையும் அதன் இரண்டு சதவீதங்களும், பிறகு மாதம் முப்பத்திரண்டு கோளாறுகள். சான்றிதழ் கடைசியில் இரண்டே வரி. ரெக்ரூட்டரின் தேடலில் விழ, தளத்தின் தலைப்பு வரியில் மட்டும் 'சிசிஎன்ஏ' என்ற சொல். பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரித்த வடிவமும் லோகோவும் போய்விட்டன. அவற்றைக் கணினி படித்தால் வரிகள் குழம்பும்.

மூன்றையும் கலந்து ஒன்றாகச் செய்யலாமே என்றும் கேட்டார். செய்யலாம், நாலு பக்கம் வரும். எனக்கு நாலாம் பக்கம் வரை போன ஞாபகம் இல்லை.

திங்கட்கிழமை மதியம் அவரிடமிருந்து மெசேஜ். புது ரெஸ்யூமா என்று திறந்தால் வேறு விஷயம். "அண்ணா, பதினொன்றில் மூணு ரவுட்டர்ல அந்த 8.8.8.8 வரி இல்லீங்க. அந்த 480 அலர்ட் டிக்கெட்ல முக்கால்வாசி இந்த மூணு இடத்துலருந்துதான் வந்திருக்கு. சேஞ்ச் ரெக்வெஸ்ட் போட்டுட்டேன். ரெஸ்யூம் அடுத்த மாசம் அனுப்பறேன், அந்த எண்ணிக்கை எவ்வளவு குறையுதுன்னு பார்த்துட்டு."